அத்தியாயம் 7: மார்ச் 31 அன்று அது யாருடைய வருமானம்?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பட்டறையும் சிறு தொழிற்சாலையும் நடத்துகிறவர்கள் பலர், ஆண்டு முழுக்கத் தேவைப்படாத பணத்தைப் பத்திரத்திலும் பங்கிலும் போட்டுவைக்கிறார்கள். வாங்குவது எளிதாகிவிட்டது, கணக்கில் எழுதுவது அவ்வளவு எளிதாகவில்லை. வங்கி ஸ்டேட்மென்டில் வட்டியோ டிவிடெண்டோ வரவானால் அந்தத் தேதியில் வருமானம் என்று எழுதிவிடுவது பரவலான பழக்கம். முதலீட்டுக் கணக்கில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பழக்கத்திலிருந்தே வருகின்றன. வருமானம் எந்த நாளில் உரிமையாகிறது என்பதும் பணம் எந்த நாளில் வருகிறது என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள்.

இந்த அத்தியாயத்தில் 2023-24 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம் ஓசூர் சிப்காட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுவனம் கற்பனைதான். அது வைத்திருக்கும் மத்திய அரசுப் பத்திரமும், ஓசூரில் ஆலை உள்ள மூன்று கம்பெனிகளின் பங்குகளும், டிவிடெண்ட் தேதிகளும் உண்மையானவை. வாங்கிய விலையையும் எண்ணிக்கையையும் மட்டும் கணக்குக்காக நான் வைத்திருக்கிறேன்.

பத்திரத்தோடு சேர்ந்து வரும் வட்டி

நம் நிறுவனம் 10 லட்சம் ரூபாய் முக மதிப்புள்ள 7.18% அரசுப் பத்திரத்தை வாங்குகிறது. 2033 ஆகஸ்ட் 14 அன்று முதிர்வடையும் பத்திரம் இது. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி 14 அன்றும் ஆகஸ்ட் 14 அன்றும், 35,900 ரூபாய் வட்டி தரும். பணம் கொடுத்துப் பத்திரம் கைமாறிய நாள் 2023 நவம்பர் 24. நூறு ரூபாய்க்கு 99.40 என்பது விலை.

ஒப்பந்தக் குறிப்பில் விலை 9,94,000 என்றும், அதன் கீழே இன்னொரு வரியில் 19,944 என்றும் இருக்கும். இந்த இரண்டாவது தொகைதான் பலரைக் குழப்புகிறது. ஆகஸ்ட் 14 முதல் நவம்பர் 24 வரை பத்திரத்தை வைத்திருந்தவர் விற்றவர், ஆகவே அந்த நாட்களின் வட்டி அவருக்குச் சேர வேண்டியது. ஆனால் பிப்ரவரியில் அரை ஆண்டு வட்டி முழுவதும் நம் கணக்குக்கே வரப்போகிறது. அதனால் அவருடைய பங்கை இப்போதே கொடுத்துவிடுகிறோம். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டை மாத நடுவில் வாங்குகிறவர், விற்றவருக்குரிய பாதி மாத வாடகையைச் சேர்த்துக் கொடுப்பது போலத்தான் இதுவும்.

தொகை எப்படி வந்தது? இந்திய அரசுப் பத்திரங்களுக்கு மாதம் 30 நாள், ஆண்டு 360 நாள் என்ற கணக்கு. ஆகஸ்ட் 14 முதல் நவம்பர் 14 வரை 90 நாள், அதன் பிறகு 10 நாள், ஆக 100 நாள். ஆண்டு வட்டி 71,800. அதை 360-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 19,944. தனியார் கம்பெனிகளின் கடன் பத்திரத்துக்கு இந்த வழக்கம் கிடையாது, அங்கே நாட்காட்டியில் உள்ளபடி நாட்களை எண்ண வேண்டும். எந்தப் பத்திரத்துக்கு எந்த முறை என்று முதலில் பார்க்காமல் கணக்குப் போட்டால் சில நூறு ரூபாய் ஒட்டாமல் நிற்கும்.

கணக்கியல் தரநிலை 13 இதில் தெளிவாக இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே சேர்ந்துவிட்ட வட்டி, முதலீட்டின் அடக்கவிலையில் சேராது. தரகும் கட்டணமும் சேரும். இதரச் செலவு 500 ரூபாய் என்று கொண்டால் முதல் பதிவு இப்படி அமையும்:

அரசுப் பத்திர முதலீடு – பற்று 9,94,500
வாங்கிய வட்டி – பற்று 19,944
வங்கி – வரவு 10,14,444

‘வாங்கிய வட்டி’ என்பதற்குத் தனிப் பேரேடு திறந்துவிடுங்கள். அது செலவும் அல்ல, முதலீடும் அல்ல. அடுத்த வட்டித் தேதியில் நமக்குத் திரும்பி வரவேண்டிய பணம். 2024 பிப்ரவரி 14 அன்று அது திரும்பி வருகிறது:

வங்கி – பற்று 35,900
வாங்கிய வட்டி – வரவு 19,944
பத்திர வட்டி வருமானம் – வரவு 15,956

நவம்பர் 24 முதல் பிப்ரவரி 14 வரை 80 நாள். அந்த 80 நாள் வட்டிதான் 15,956. வாங்கிய வட்டிப் பேரேடு இப்போது பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

அடுத்தது ஆண்டு முடிவு. பிப்ரவரி 14 முதல் மார்ச் 31 முடியும் வரை உள்ள வட்டி நம்முடையதுதான், ஆனால் ஆகஸ்டில்தான் கைக்கு வரும். பிப்ரவரி 14-லிருந்து மார்ச் 14 வரை 30 நாள், மார்ச் இறுதி வரை இன்னும் 17 நாள், ஆக 47 நாள். மார்ச்சின் 31-ஆம் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 13 வரை நான்கு மாதமும் 13 நாளும், அதாவது 133 நாள். அரை ஆண்டின் 180 நாளில் அதைக் கழித்தால் 47 வருகிறது. 47 நாளுக்கு வட்டி 9,374.

கூடியுள்ள வட்டி – பற்று 9,374
பத்திர வட்டி வருமானம் – வரவு 9,374

இருப்புநிலைக் குறிப்பில் இது முதலீட்டோடு சேராது, இதர நடப்புச் சொத்துகளில் தனியாக நிற்கும். ஆகஸ்ட் 14 அன்று வங்கியில் 35,900 வரும்போது, அதில் 9,374 இந்தக் கூடியுள்ள வட்டியைத் தீர்க்கும். மீதி 26,526 மட்டுமே 2024-25-இன் வருமானம். ஏப்ரல் 1 அன்று எதிர்ப்பதிவு போட்டுவிடும் வழக்கம் உள்ள அலுவலகங்களில், ஆகஸ்டில் முழு 35,900-ஐயும் வருமானத்தில் எழுதலாம், முடிவு ஒன்றே. எதிர்ப்பதிவும் போடாமல், ஆகஸ்டில் பிரிக்கவும் செய்யாமல் விட்டால் அதே 9,374 இரண்டு ஆண்டிலும் வருமானமாகிவிடும். ஏப்ரலில் கணக்கர் மாறிய நிறுவனங்களில் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

தவறு நடந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்

கொடுத்த 10,14,444 முழுவதையும் முதலீடு என்று எழுதி, பிப்ரவரியில் வந்த 35,900 முழுவதையும் வருமானம் என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஆண்டு வருமானம் 25,330-க்குப் பதிலாக 45,274 ஆகும். சொத்தும் 19,944 ரூபாய் ஊதியிருக்கும். இருப்பாய்வு இருபுறமும் ஒட்டும். டேலியும் எதுவும் சொல்லாது. அதனால்தான் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. பத்திரத்தை விற்கும்போதோ முதிர்வின்போதோ, காரணம் புரியாத ஒரு நட்டமாக அது வெளியே வரும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஆண்டில் எழுதிய வட்டி வருமானத்தை அடக்கவிலையால் வகுத்து, வைத்திருந்த நாட்களுக்கு ஏற்ப ஆண்டு வீதமாக மாற்றுங்கள். நம் நிறுவனம் பத்திரத்தை வைத்திருந்தது 127 நாள். சரியான பதிவில் 25,330-ஐ 9,94,500-ஆல் வகுத்து 360/127-ஆல் பெருக்கினால் சுமார் 7.22 சதவீதம் வரும். 7.18% பத்திரத்தைச் சற்றுக் குறைவான விலைக்கு வாங்கியவருக்கு இது பொருந்துகிறது. தவறான பதிவில் அதே கணக்கு 12.65 சதவீதம் காட்டும். 2023-ல் மத்திய அரசு யாருக்கும் அந்த வட்டி கொடுக்கவில்லை.

வருமான வரி இதில் வேறு வழியில் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரம் வாங்கும்போது கொடுத்த வட்டி மூலதனச் செலவு, வந்த வட்டியிலிருந்து அதைக் கழிக்க முடியாது என்று 1991-ல் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பத்திரத்தை வணிகச் சரக்காக வைத்திருக்கும் வங்கிகளுக்குக் கழிப்பு உண்டு என்று 2024 அக்டோபரில் பாங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் தீர்ப்பு வந்தது. முதலீடாக வைத்திருக்கும் ஓர் உதிரிபாகக் கம்பெனி முதல் வகைக்குள் வரவே வாய்ப்பு அதிகம். ஆகவே ஏடுகளில் தரநிலைப்படி பிரித்து எழுதுங்கள். வரிக் கணக்கீட்டில் 19,944-ஐத் தனியாகச் சேர்ப்பதா என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரிக்காக ஏட்டை மாற்றி எழுதக் கூடாது.

அரசுப் பத்திர வட்டியில் வரிப் பிடித்தம் கிடையாது. தனியார் கம்பெனியின் பட்டியலிட்ட கடன் பத்திரமாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம் பிடிப்பார்கள். பத்திரம் யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்று பார்க்காமல், வட்டித் தேதியில் வைத்திருப்பவரிடம் முழு வட்டிக்கும் பிடிப்பார்கள். அப்போது 26ஏஎஸ் படிவத்தில் முழு வட்டியும் இருக்கும், உங்கள் ஏட்டில் நீங்கள் வைத்திருந்த நாட்களின் வட்டி மட்டும் இருக்கும். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு சரிகட்டும் பட்டியல் கோப்பில் இருந்தால் பிறகு வரும் கேள்விக்கு அது போதும்.

ஓசூரின் மூன்று டிவிடெண்ட்கள்

பத்திரத்தின் வட்டி நாளுக்கு நாள் சேர்கிறது. டிவிடெண்ட் அப்படிச் சேர்வதில்லை. பங்கை ஒன்பது மாதம் வைத்திருந்தேன், அதனால் முக்கால் டிவிடெண்ட் எனக்குச் சேர்ந்துவிட்டது என்று எழுத முடியாது. உரிமை பிறக்கும் வரை ஒன்றுமில்லை, பிறந்த நாளில் முழுத் தொகையும் வருமானம். கணக்கியல் தரநிலை 9 கேட்பது அந்த நாளைத்தான்.

நம் நிறுவனத்திடம் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் மூன்றிலும் ஆயிரம் ஆயிரம் பங்குகள் இருந்ததாகக் கொள்வோம். மூன்று கம்பெனியும் 2023-24 ஆண்டுக்காக டிவிடெண்ட் தந்தன. ஆனால் நம் 2023-24 ஏட்டில் ஒன்றுதான் இடம் பெறும்.

டிவிஎஸ் மோட்டார் 2024 மார்ச் 11 அன்று பங்குக்கு 8 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட் அறிவித்தது. பதிவுத் தேதி மார்ச் 19. அந்தத் தேதியில் பங்கு நம் டிமேட்டில் இருந்தது. அதற்குப் பிறகு பங்கை விற்றாலும் 8,000 ரூபாய் நமக்கே வரும். இடைக்கால டிவிடெண்டை அறிவித்த ஐந்து நாளுக்குள் கம்பெனி அந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டம். ஆகவே மார்ச் 31-க்குள் பணம் வராமல் இருந்தாலும் உரிமை பிறந்துவிட்டது:

பெறவேண்டிய டிவிடெண்ட் – பற்று 8,000
டிவிடெண்ட் வருமானம் – வரவு 8,000

வங்கியில் வருவது 7,200 மட்டும்தான். 10 சதவீதமான 800 ரூபாய் வரிப் பிடித்தம் போய்விடும். அந்த 800 ‘வரிப் பிடித்தம் பெறவேண்டியது’ என்ற பேரேட்டில் பற்றாக வேண்டும். வந்த 7,200-ஐ மட்டும் வருமானமாக எழுதினால் வருமானமும் குறையும், பிடித்த வரியைத் திரும்பக் கேட்கவும் மறந்துபோகும். தனிநபர்களுக்குக் குறிப்பிட்ட தொகை வரை பிடித்தம் இல்லை என்ற சலுகை கம்பெனிக்குக் கிடையாது, சிறிய தொகையிலும் பிடிப்பார்கள். இன்னொன்று, இடைக்கால டிவிடெண்டுக்கு வரி விதிப்பது அது நிபந்தனையின்றி நம் கைக்கு எட்டும்படி வைக்கப்படும் ஆண்டில். ஏப்ரலில் பணம் வந்திருந்தால் ஏட்டில் ஓர் ஆண்டும் வரியில் அடுத்த ஆண்டும் என்று பிரிந்து நிற்கும்.

அசோக் லேலண்டின் நிலைதான் மூன்றிலும் நுட்பமானது. 2024 மார்ச் 25 அன்று, 2023-24-க்கான இடைக்கால டிவிடெண்டாக பங்குக்கு 4.95 ரூபாய் அறிவித்தது. பதிவுத் தேதி ஏப்ரல் 3. அறிவிப்பு ஒரு நிதியாண்டில், பதிவுத் தேதி அடுத்த நிதியாண்டில். அறிவித்துவிட்டார்களே, 4,950 ரூபாயை மார்ச்சிலேயே எழுதலாமே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. மார்ச் 31 அன்று நம்மிடம் இருந்தது பங்கு மட்டுமே. ஏப்ரல் 1 அன்று அதை விற்றிருந்தால் டிவிடெண்ட் வாங்கியவருக்குப் போயிருக்கும். நம் கையை விட்டுப் போகக்கூடிய ஒன்றை உரிமை என்று சொல்ல முடியாது.

இன்னும் வலுவான காரணம் மதிப்பீட்டில் இருக்கிறது. 2024 மார்ச் 29 புனித வெள்ளி, அடுத்த இரண்டு நாள் சனி, ஞாயிறு. ஆகவே நிதியாண்டின் கடைசிச் சந்தை விலை மார்ச் 28 முடிவு விலைதான். அந்த விலையில் அசோக் லேலண்ட் பங்கு டிவிடெண்டோடு சேர்ந்து கைமாறியது. வாங்கியவர் வரப்போகும் 4.95-க்கும் சேர்த்து விலை கொடுத்தார். அந்த விலையை வைத்துப் பங்கை மதிப்பிட்டு, பக்கத்தில் 4,950-ஐப் பெறவேண்டியதாகவும் காட்டினால் ஒரே பணம் சொத்தில் இரண்டு முறை ஏறுகிறது. டிவிஎஸ் பங்கில் இந்தச் சிக்கல் இல்லை. மார்ச் 19-லிருந்தே அது டிவிடெண்ட் நீங்கிய விலையில் ஓடியது.

டைட்டன் நேரானது. பதிவு அலுவலகமே ஓசூர் சிப்காட்டில் இருக்கும் கம்பெனி. 2024 மே 3 அன்று இயக்குநர் குழு பங்குக்கு 11 ரூபாய் டிவிடெண்டைப் பரிந்துரைத்தது, ஜூலை 12 பொதுக்குழுவில் பங்குதாரர்கள் ஏற்றார்கள். இறுதி டிவிடெண்டுக்கு உரிமை பிறப்பது பொதுக்குழுவில். மே மாதத்தில் நம் 2023-24 கணக்கு இன்னும் மூடப்படாமல் இருக்கும், செய்தித்தாளில் 11 ரூபாய் என்று வந்திருக்கும். இருந்தாலும் 11,000 ரூபாய் 2024-25-க்கே உரியது. கொடுக்கும் கம்பெனியும், ஆண்டு முடிந்த பிறகு பரிந்துரைத்த டிவிடெண்டைக் கடனாக எழுதுவதில்லை. 2016-ல் தரநிலை 4 மாறியதிலிருந்து குறிப்பில் மட்டுமே காட்டுகிறது. கொடுப்பவர் ஏட்டில் கடனாக ஏறாதது, வாங்குபவர் ஏட்டில் சொத்தாக ஏற முடியாது.

டைட்டனில் தமிழ்நாடு அரசின் டிட்கோவுக்கு 27.88 சதவீதம் இருக்கிறது, 24.74 கோடிப் பங்குக்கு மேல். 11 ரூபாய் வீதம் சுமார் 272 கோடி ரூபாய். தொகை எவ்வளவானாலும் தேதி விதி ஒன்றே. ஆனால் 20 சதவீதத்துக்கு மேல் வைத்துச் செல்வாக்கும் செலுத்துகிற முதலீட்டாளர், ஒருங்கிணைந்த கணக்கில் டிவிடெண்டை வருமானமாகக் காட்ட மாட்டார். அங்கே இலாபத்தின் பங்கு ஏற்கனவே ஏறியிருக்கும், டிவிடெண்ட் முதலீட்டின் மதிப்பைக் குறைக்கும். ஆயிரம் பங்கு வைத்திருக்கும் நம் நிறுவனத்துக்கு அந்தக் கவலை இல்லை.

பொதுக்குழுவுக்குச் சில வாரம் முன்பு பங்கு வாங்கி டிவிடெண்ட் பெற்றால்? நாம் வைத்திராத காலத்து இலாபத்திலிருந்து வந்ததாயிற்றே என்ற கேள்வி நியாயமானது. அடக்கவிலையின் ஒரு பகுதியே திரும்பி வந்தது என்று தெளிவாகத் தெரிந்தால் அதை முதலீட்டிலிருந்து கழிக்கச் சொல்கிறது தரநிலை 13. மூவாயிரத்துக்கு மேல் விலையுள்ள பங்கில் 11 ரூபாய்க்கு இந்த வாதம் நிற்காது, வருமானமாகவே எழுதலாம். பெரிய சிறப்பு டிவிடெண்ட் அறிவித்த கம்பெனியில், பதிவுத் தேதிக்கு முந்தைய வாரம் வாங்கியிருந்தால் கழித்தே ஆக வேண்டும்.

அடக்கவிலையில் எது சேரும்

ஓசூரில் பலருக்கு டிமேட்டும் தரகரும் பெங்களூரில். தரகர் கர்நாடகத்தில், வாடிக்கையாளர் தமிழ்நாட்டில் என்றால் தரகு மீது ஐஜிஎஸ்டி வரும். அதை மாதாந்திர உள்ளீட்டு வரியில் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். பங்கும் பத்திரமும் ஜிஎஸ்டியில் விலக்கு பெற்ற வழங்கலாகவே கருதப்படுவதால் அந்த வரவை எடுக்க முடியாது, தரகோடு சேர்த்து அடக்கவிலையில் ஏற்றுங்கள். முத்திரைத் தீர்வையும் அதேபோல் சேரும். 2020 ஜூலை முதல் நாடு முழுவதும் ஒரே வீதம் என்பதால் எல்லைக்கு எந்தப் பக்கம் முகவரி என்பது தொகையை மாற்றாது. பங்குப் பரிவர்த்தனை வரியை ஏட்டில் அடக்கவிலையில் சேர்க்கலாம். ஆனால் மூலதன ஆதாயக் கணக்கில் அதைக் கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. அதனால் முதலீட்டுப் பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முடிவு மதிப்பு, எந்த நோக்கத்தில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஓர் ஆண்டுக்குள் விற்க நினைத்த பங்கு நடப்பு முதலீடு. அடக்கவிலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததை எழுத வேண்டும். நீண்ட கால முதலீட்டை அடக்கவிலையில் வைத்திருக்கலாம், நிலையான சரிவு இருந்தால் மட்டும் குறைக்க வேண்டும். நம் அரசுப் பத்திரம் சந்தையில் 98 ரூபாய்க்கு இறங்கியிருந்தாலும் 2033-ல் முழு 10 லட்சம் வரும் என்பதால், முதிர்வு வரை வைத்திருக்கும் நோக்கம் உண்மையாக இருந்தால் 9,94,500 அப்படியே நிற்கும். அந்த நோக்கத்தை வாங்கும் நாளிலேயே இயக்குநர் குழுத் தீர்மானத்தில் எழுதிவையுங்கள். விலை இறங்கிய பிறகு மார்ச்சில் எழுதும் தீர்மானத்தை ஆடிட்டர் நம்பத் தேவையில்லை. பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும் 250 கோடிக்கு மேல் நிகர மதிப்புள்ளவற்றுக்கும் இந்திய கணக்கியல் தரநிலை 109 பொருந்தும், அவற்றின் வழி வேறு.

கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் பங்கு பதிவாகாது, டிமேட் கூட்டாளிகளின் பெயரில்தான் இருக்கும். பணம் நிறுவனத்தின் நடப்புக் கணக்கிலிருந்து போயிருந்தால் முதலீடும் வருமானமும் நிறுவனத்துடையவை. ஆனால் டிவிடெண்ட் ஒரு கூட்டாளியின் சேமிப்புக் கணக்கில் இறங்கலாம், பிடித்த வரி அவருடைய பான் எண்ணில் ஏறலாம். டிவிடெண்ட் வந்த மாதத்திலேயே நிறுவனத்தின் வங்கி ஸ்டேட்மென்டையும் கூட்டாளியின் வங்கி ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகை அவர் கணக்கில் இறங்கியிருந்தால், அது வந்துசேரும் வரை அவருடைய நடப்புக் கணக்கில் பற்று எழுதி, வருமானத்தை முழுத் தொகைக்கும் நிறுவனத்தின் ஏட்டில் எடுங்கள். வரிப் பிடித்தத்தை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றும் உறுதிமொழியை, டிவிடெண்ட் கொடுத்த கம்பெனியின் பதிவாளருக்குக் கூட்டாளி கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அந்தக் காலாண்டின் வரிப் பிடித்த அறிக்கையை அவர்கள் தாக்கல் செய்வதற்கு முன்பே அது போய்ச் சேர வேண்டும்.